டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்யும்போது 87T வீணாக டிரிப் ஆவது குறித்த புகார்

அனுப்புநர்
மின் பராமரிப்புப் பொறுப்பாளர்,
நூற்பாலை, கோவை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், சர்வீஸ் பிரிவு
(ரிலே பேனலை சப்ளை செய்து கமிஷனிங் செய்த நிறுவனம்).

பொருள்: 110/11 கே.வி., 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் டிஃபரன்ஷியல் ரிலே செட்டிங்கைச் சரிசெய்து தருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஆலையில் பராமரிப்பு ஷட்டவுன் முடிந்து 110 கே.வி. பிரேக்கரைப் போட்டாலே, பல சமயம் 87T டிரிப் ஆகிவிடுகிறது. சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை. விழும்போதெல்லாம் உங்கள் ஆட்கள் சொன்னது ஒன்றுதான்: "டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஃபால்ட் இருக்கிறது, டெஸ்ட் பண்ணுங்கள்." நாங்களும் பண்ணினோம். ஆயில் டி.ஜி.ஏ.வில் அசிட்டிலீன் இல்லை, புக்கோல்ஸில் கேஸ் சேரவில்லை, ரேஷியோவும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸும் ஃபேக்டரி ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகின்றன. அப்புறமும் அதே பல்லவி வந்ததால், ரிலேயில் இருந்த டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை நாங்களே லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தோம்.

அதில் தெரிந்தது இதுதான். 11 கே.வி. பிரேக்கர் திறந்திருந்தது, அந்தப் பக்கம் கரண்ட் பூஜ்யம். 110 கே.வி. பக்கம் பி ஃபேஸில் கரண்ட் 430 ஆம்பியர் உச்சம் வரை ஏறியிருக்கிறது. எங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் ரேட்டட் கரண்ட் 52.5 ஆம்பியர், அதன் உச்சம் 74. அதாவது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஆனால் அலை முழுக்க பூஜ்யக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு கூர்முனை, பிறகு நீளமான தட்டைப் பகுதி, சைக்கிளுக்கு சைக்கிள் உச்சம் குறைகிறது. வைண்டிங்கில் ஷார்ட் இருந்தால் அலை இப்படி இருக்காது. இது இன்ரஷ். கோர் நிறைவடைந்து காந்தமாக்கும் கரண்ட் ஒரு பக்கத்தில் மட்டும் பாய்கிறது, உள்ளே போனது வெளியே வரவில்லை என்று ரிலே நினைத்துக்கொள்கிறது.

பிரேக்கர் மூடும் நொடியில் வோல்டேஜ் எந்த இடத்தில் இருக்கிறது, கோரில் முன்பே எவ்வளவு மிச்ச காந்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இன்ரஷின் அளவு அமைகிறது. வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் மூடினால், முதல் அரை சைக்கிளில் ஃப்ளக்ஸ் வழக்கமான உச்சத்தைப்போல இரண்டு மடங்குக்குப் போகப் பார்க்கும். மிச்ச காந்தமும் அதே திசையில் இருந்தால் அதற்கு மேலும் ஏறும். சில நாள் நிற்பதும் சில நாள் விழுவதும் இதனால்தான், டிரான்ஸ்ஃபார்மர் கெட்டதால் அல்ல.

ரிலேக்கு இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரு பக்க அலையில் செகண்ட் ஹார்மோனிக், அதாவது 100 ஹெர்ட்ஸ் பங்கு அதிகமாக இருக்கும். அது 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் டிரிப்பைத் தடுக்க வேண்டும் என்பதே பிளாக்கிங் செட்டிங். உங்கள் ஷீட்டில் அது 15 சதவீதம். ரெக்கார்டில் ஆர் ஃபேஸில் 34, ஒய் ஃபேஸில் 27, பி ஃபேஸில் வெறும் 11. மூன்று வோல்டேஜும் 120 டிகிரி தள்ளி இருப்பதால் மூன்று ஃபேஸிலும் ஒரே மாதிரி இன்ரஷ் வராது. கோர் எவ்வளவு ஆழமாக நிறைவடைகிறதோ, அந்த ஃபேஸில் இந்தச் சதவீதம் அவ்வளவு குறையும். அதிக ஃப்ளக்ஸ் அடர்த்தியில் ஓடும் இன்றைய கோர்களில் இது இன்னும் கீழே போகும். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு 15, 20 போதுமானதாக இருந்திருக்கலாம், எங்களுடையதற்கு இல்லை. அதோடு நீங்கள் பிளாக்கிங்கை ஃபேஸ் வாரியாக விட்டிருக்கிறீர்கள். ஆர், ஒய் இரண்டும் "இது இன்ரஷ்" என்று சொன்னாலும், பி ஃபேஸ் தனியாக டிரிப் கொடுத்துவிட்டது.

இதைச் சொல்லி உங்கள் இன்ஜினியரை வரவழைத்தோம். அவர் செய்த வேலைதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். 15 சதவீதத்தை 20 ஆக உயர்த்திவிட்டு, "இப்போது ஸ்ட்ராங்காகிவிட்டது" என்றார். உயர்த்தினால் ரிலே தடுப்பதற்கு இன்னும் அதிக ஹார்மோனிக்கைக் கேட்கும். இதற்கு முன் நின்ற ஒரு சார்ஜிங்கின் ரெக்கார்டில் பி ஃபேஸ் 17 சதவீதம். புதிய செட்டிங்கில் அதுவும் விழுந்திருக்கும். கூடவே டிஃபரன்ஷியல் பிக்கப்பை 20 சதவீதத்திலிருந்து 50 ஆக்கலாம் என்றார். இன்ரஷ் பல மடங்கில் வரும்போது 50 சதவீதம் எதைத் தடுக்கும்? இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் ஆரம்பிக்கும் சிறிய ஷார்ட்டைப் பார்க்கும் திறன்தான் குறையும். அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்டதால் எடுத்த வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் டி.சி. கொடுத்து எடுப்பது. அது கோரில் கணிசமான காந்தத்தை விட்டுவிட்டுப் போகும். உங்கள் ஆட்கள் டீமேக்னடைஸ் செய்யாமலேயே சார்ஜ் செய்யச் சொன்னார்கள். அடுத்த சார்ஜிங்கில் பி ஃபேஸ் 8 சதவீதத்துக்கு இறங்கி மறுபடி டிரிப். ஃபால்ட்டைத் தேடும் டெஸ்டே டிரிப்புக்கு வழி செய்து கொடுத்தது.

எங்கள் கோரிக்கை: சதவீதத்தை 20இல் இருந்து கீழே, 10 வாக்கில் கொண்டு வாருங்கள். ஆனால் 8 சதவீத நாளில் அதுவும் காப்பாற்றாது, அதற்காக 5 என்று போனால் சி.டி. நிறைவடைந்து ஹார்மோனிக் கலந்து வரும் நிஜ ஃபால்ட்டிலும் ரிலே தயங்கும். ஆகவே கிராஸ் பிளாக்கிங் வேண்டும். எங்கள் ரிலேயில் அந்த வசதி மெனுவிலேயே இருக்கிறது, ஆஃப் செய்து வைத்திருக்கிறீர்கள். மூன்றில் இரண்டு ஃபேஸ் இன்ரஷ் என்று சொன்னால் மூன்றையும் தடுக்கும்படி அதை ஆன் செய்யுங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். சார்ஜ் செய்யும் அதே நொடியில் ஒரு ஃபேஸில் நிஜமாகவே ஃபால்ட் இருந்தால், மற்ற இரண்டு ஃபேஸின் இன்ரஷ் அதன் டிரிப்பையும் தாமதிக்கும். அதனால் கிராஸ் பிளாக்கிங்குக்குக் கால வரம்பு கட்டாயம். இன்ரஷ் தணியத் தணிய செகண்ட் ஹார்மோனிக் சதவீதம் ஏறும் என்பதால், அந்த நேரம் முடிந்ததும் ஃபேஸ் வாரியான தடுப்பே போதும். எத்தனை மில்லி செகண்ட் என்பதை டிரிப் ஆன ரெக்கார்டிலிருந்து எடுக்க முடியாது, பிரேக்கர் திறந்துவிடுவதால் அது நாலு சைக்கிளோடு முடிந்துவிடுகிறது. டிரிப் ஆகாமல் நின்ற சார்ஜிங்கின் முழு ரெக்கார்டைப் பாருங்கள், இணைத்திருக்கிறோம். அப்புறம், ஹார்மோனிக்கைப் பார்க்காமல் நேரடியாக டிரிப் கொடுக்கும் ஹை-செட் இப்போது 8 மடங்கில் இருக்கிறது, எங்கள் இன்ரஷுக்கு மேலே. கிராஸ் பிளாக்கிங் ஓடும் நேரத்தில் பெரிய ஃபால்ட்டுக்கு அதுதான் காவல். அதைத் தொடவும் வேண்டாம், ஆஃப் செய்யவும் வேண்டாம்.

அடுத்த ஷட்டவுனுக்கு முன் ரிலே செட்டிங் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். ஒவ்வொரு செட்டிங்குக்கும் கணக்கு எழுத்தில் வேண்டும். ஹார்மோனிக் இன்ஜெக்ஷன் டெஸ்ட் கிட்டில் மூன்று ஃபேஸுக்கும் வெவ்வேறு சதவீதம் கொடுத்து, எங்கள் முன்னால் ரிலே தடுப்பதையும் விடுவிப்பதையும் காட்டிவிட்டுத்தான் ஷீட்டில் கையெழுத்து. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுத்தால் டீமேக்னடைஸ் செய்து தருவது டெஸ்ட் எடுப்பவர் பொறுப்பு. உங்கள் பேச்சை நம்பி எடுத்த டெஸ்ட்களின் பில்களை இத்துடன் வைத்திருக்கிறோம், கமிஷனிங் பாக்கித் தொகையில் அவற்றைக் கழித்துக்கொள்வதாக எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவு தெரிவித்துள்ளது.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பொறுப்பாளர்

இணைப்பு: டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டுகள், இப்போதைய செட்டிங் ஷீட், டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், பில்கள்.