மறைப்பதற்காகவே அனுப்பிய படம்

ஆசிரியருக்கு,

அடையாள அட்டையின் எண்ணை மங்கலாக்க, என் மகள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு படத்திருத்தக் கருவியைப் பயன்படுத்தினாள். வேலை சுத்தமாக முடிந்தது. ஆனால் மங்கலாக்கும் வேலை நடந்தது அந்த நிறுவனத்தின் சர்வரில். அதாவது, யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்த எண்தான் முதலில் முழுசாக அங்கே போய்ச் சேர்ந்தது. மறைத்த பிரதி நம்மிடம், மறைக்காத மூலம் அவர்களிடம்!

இதோடு முடியவில்லை. அட்டையை வீட்டு மேசையில் வைத்து செல்பேசியில் எடுத்த படம் அது. கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்ததால், எடுத்த நேரத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் கோப்புக்குள் பதிவாகியிருந்தன. அந்த எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே வந்து நின்றது. முகவரியை எங்கும் தட்டச்சு செய்யாமலே கொடுத்திருக்கிறோம்.

சில கருவிகள் படத்தை வெளியே அனுப்பாமல் பிரவுசருக்குள்ளேயே திருத்துகின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி: பக்கம் முழுதாகத் திறந்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள். திருத்தம் நடக்கவில்லை என்றால், படம் சர்வருக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். நடந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. இணையம் திரும்பியதும் அனுப்ப முடியும்.

அட்டை எண்ணை மறைக்க, செல்பேசியிலேயே இருக்கும் திருத்தியில் ஒரு கறுப்புப் பெட்டி வரைந்தாலே போதும். இப்போது அதைத்தான் செய்கிறோம்.

– ஒரு வாசகர்