ஸ்டார்டர் குடுத்த அண்ணனுக்கும் மத்த எல்லாருக்கும்

நேத்து சாயங்காலம் ஐடிஐ எலக்ட்ரீசியன் ப்ராக்டிகல் பரிட்சை முடிஞ்சுதுங்க. ரிசல்ட் வர இன்னும் நாளாகும், ஆனா அதுவரைக்கும் இத எழுதாம என்னால இருக்க முடியாது. போன மாச ரகளைல நான் பட்ட பாடு உங்க எல்லாருக்கும் தெரியும், அதத் திரும்பச் சொல்லல, சொன்னா எனக்கே கை நடுங்குது.

முதல்ல மொத்தமா சொல்லிடறேன். அட்டென்டன்ஸ் 80 சதவீதத்துக்குக் கீழ போயிரக் கூடாதுன்னு காலைல போன் போட்டு எழுப்பி விட்ட பேட்ச் பசங்க, க்ளாஸ்ல கண்ணு சொக்குனா திட்டாம கிரைண்டர் பக்கத்துல கொண்டு போய் நிக்க வச்ச ஐடிஐ சாரு, பீஸ் கட்ட சீட்ட முன்னாடியே எடுத்துக்கச் சொன்ன பக்கத்து லைன் வீட்டு அக்கா, மில்லுல ஃபுல் நைட்ட மாத்தி நின்ன ரெண்டு சைடருங்க, "இவன் பகல்ல எங்க போறான்"னு சந்தேகப்பட்டும் வாயத் தொறக்காம டிபன் கட்டிக் குடுத்த எங்க அத்தை. எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனியா வந்து சொல்றேன்.

ஆனா இந்த மடல் முக்கியமா மில்லு நைட் எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு. அவரு போன்ல இதெல்லாம் படிக்க மாட்டாரு, அவரு பொண்ணு படிச்சுக் காட்டும்னு நம்பறேன்.

நான் நூல் நூக்கற ரிங் ஃப்ரேம்ல சைடு பாக்கறவன், இழை அறுந்தா ஒட்டறதுதான் ராத்திரி பூரா வேலை. எலக்ட்ரீசியன் ட்ரேடு படிக்கறது மில்லுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன ஆகும்னு முன்னாடி ஒரு பையன் விசயத்துல பாத்திருக்கேன், ஷிப்ட்ட மாத்தி மாத்திப் போட்டாங்க, பகல் ஷிப்ட் விழுந்த வாரமெல்லாம் அவனுக்கு க்ளாஸ் போச்சு, கடைசில ரெண்டுல எதையும் முடிக்கல. எனக்கு பெர்மனெண்ட்டா ஃபுல் நைட் இருந்தாத்தான் காலைல ஐடிஐ போக முடியும், அதனால வாய மூடிட்டு இருந்தேன்.

அண்ணன் எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு இன்னும் சொல்லல. ஒரு நாள் டீ டைம்ல, மோட்டர ஓட்டவும் நிறுத்தவும் வைக்கற டிஓஎல் ஸ்டார்டர் ஒண்ணு, காயலான் கடைக்குப் போக வேண்டிய பழசு, என் லாக்கர்ல இருந்துச்சு, கூட ஒரு டார்ச் பல்பு, ரெண்டு பேட்டரி, கொஞ்சம் வயரு. ஸ்டோர்ல கேட்டு கேட் பாஸ் வரைக்கும் போட்டு வச்சிருந்தாரு மனுசன். "கரண்ட் குடுக்காத, பல்ப வச்சே பாரு"ன்னு மட்டும் சொன்னாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் விசயமே. வாரத்துல ரெண்டு மூணு தடவ அந்த ஸ்டார்டர்ல ஒரு ஃபால்ட்ட வச்சு லாக்கர்ல போட்டுடுவாரு, நான் வீட்டுக்குக் கொண்டு போய்த் தூங்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும். ஒரு தடவ தீப்பெட்டி அட்டைய சின்னதாக் கிழிச்சு ஹோல்டிங் கான்டாக்ட்டுக்கு நடுவுல செருகி வச்சாரு. படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன். ஸ்டார்ட் பட்டன அமுக்கறப்ப காயிலுக்குக் கரண்ட் போயி கான்டாக்டர்ங்கற காந்த சுவிட்ச்சு உள்ள இழுக்கும். பட்டன விட்டதுக்கப்புறமும் மோட்டர் ஓடணும்னா, அந்தக் கான்டாக்டரே இழுத்து மூடற 13-14ங்கற ஹோல்டிங் கான்டாக்ட் வழியா கரண்ட் சுத்தி வரணும், அது பட்டனுக்குக் குறுக்கால இருக்கும். அது சேரலைன்னா அமுக்கற வரைக்கும்தான் ஓடும், விட்டா நின்னுரும். பல்ப 13-14ல வச்சு கான்டாக்டரக் கையால அமுக்கிப் பாத்தா எரியணும். எரியல, தொறந்து பாத்தா அட்டை. அண்ணங்கிட்ட சொன்னதுக்கு, "நம்ம மில்லுல இது அட்டை இல்லடா, பஞ்சு. காத்துல பறக்கற பஞ்சு உள்ள போயி உக்காந்துக்கும்"னாரு. எந்தப் புஸ்தகத்துலயும் இத நான் படிக்கலைங்க.

இன்னொரு நாள் எதுவுமே இழுக்காத மாதிரி வச்சிருந்தாரு. லோடு கூடுனா மோட்டர நிறுத்தற ஓவர்லோடு ரிலேல 95-96 கான்டாக்ட் நல்லா இருக்கு, ஸ்டாப் பட்டனும் நல்லா இருக்கு, காயில் ஏ1 ஏ2ல பல்ப வச்சா எரியல, சரி காயில் போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். சிரிச்சாரு. காயில்ல இருக்கறது மெல்லிசு கம்பி, அதோட ரெசிஸ்டன்ஸ் நூத்துக்கணக்குல ஓம் வரும், டார்ச் பல்பு அது வழியா எரியவே எரியாது, வயருக்கும் கான்டாக்ட்டுக்கும்தான் பல்பு, காயிலுக்கு மீட்டர்தான்னு அவரு மீட்டரையே அன்னைக்குக் குடுத்து விட்டாரு. பாத்தா காயில் நல்லாத்தான் இருக்கு, காயிலுக்குப் போற வயரு மேல ரப்பர் முழுசா, உள்ள கம்பி அறுந்து இருந்துச்சு. நேரா வச்சா பல்பு எரியுது, லேசா இழுத்தா அணையுது. அதுல இருந்து எந்த வயரயும் ஒரு தடவ இழுத்துப் பாக்காம நான் ஓகே சொல்றதில்ல.

இப்ப ப்ராக்டிகலுக்கு முன்னாடி நான் எடுத்த முடிவு விசயம். போன மாச ரகளைல நான் படிக்கறது வெளிய வந்துருச்சு, வந்ததுல மேனேஜர் கோவப்படுவாருன்னு பாத்தா, "எலக்ட்ரிக்கல் ஹெல்பரா வந்துடு, பகல் ஷிப்ட், சம்பளமும் சேத்துத் தரேன், ஆனா திங்கக்கிழமையே வந்து சேரணும்"னுட்டாரு. திங்கக்கிழமதான் ப்ராக்டிகல். பரிட்சை எழுதிப் பாஸானாலும் அடுத்து அப்ரென்டிஸ் போகணும், அந்த ஸ்டைபண்ட் நான் இப்ப வாங்கறத விடக் கம்மி. வீட்டுக் கடன் வேற. நான் கிட்டத்தட்ட சரின்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டேன்.

அண்ணங்கிட்ட கேட்டா அட்வைஸ் எதுவும் பண்ணல. பேனல் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி லாக் புக்கத் தொறந்து காட்டுனாரு. ராத்திரி அவரு பாத்த ஒவ்வொரு வேலைக்கும் கீழ கையெழுத்து வேற ஒருத்தரோடது. சர்டிபிகேட் இல்லாததால ரெக்கார்டுல இத்தன வருசமா அவரு ஹெல்பர்தான், நாங்கதான் எலக்ட்ரீசியன்னு கூப்பிடறோம். அவருகிட்ட வேலை கத்துக்கிட்டுப் போனவங்க வெளிய லைசென்ஸ் வாங்கி காண்ட்ராக்ட் எடுக்கறாங்க. பக்கத்தத் திருப்பித் திருப்பிக் காட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மேனேஜருக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிட்டேன்.

ப்ராக்டிகல்ல என் டேபிளுக்கு வந்ததும் டிஓஎல் கனெக்‌ஷன்தான். முடிச்சு சப்ளை குடுத்தா, பட்டன விட்டதும் மோட்டர் நின்னுருச்சு. வேர்த்துருச்சுங்க, ஆனா ஒரு பக்கம் சிரிப்பும் வந்துச்சு. சப்ளைய ஆஃப் பண்ணி டெஸ்டர்ல பாத்து, கான்டாக்டர அமுக்கிட்டு மீட்டர வச்சேன். மெயின் கான்டாக்ட் மூணும் சேருது, 13-14 சேரல, வயர இழுத்துப் பாத்தா வயரு கெட்டி. அந்த 13-14 இருக்கற, மேல மாட்டற ஆக்ஸிலரி ப்ளாக்கே சரியா உக்காராம இருந்துச்சு. எக்ஸாமினரக் கூப்பிட்டுக் காட்டிட்டு அமுக்கி மாட்டுனேன், ஓடுச்சு. அவரு ஒண்ணும் சொல்லாம எதையோ எழுதிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டாரு.

அண்ணா, உங்க மீட்டரு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, இந்த வாரமே கொண்டாந்து தரேன். ஸ்டார்டர மட்டும் தர மாட்டேன். எங்க லைன்ல டாஃபரா இருக்கற தம்பி அடுத்த வருசம் ஐடிஐ சேரணும்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான், அவனுக்குத்தான் அது. ஃபால்ட் வைக்கறது நீங்களா நானான்னு நேர்ல பேசிக்கலாம். அப்புறம் ஒரு விசயம், அனுபவத்த வச்சு வெளியாளாவே பரிட்சை எழுத வழி இருக்குன்னு சாரு சொல்றாரு, உங்களுக்கு எது ஒத்து வரும்னு ஐடிஐ ஆபீஸ்ல கேட்டு வைக்கறேன். வயசாயிருச்சுன்னு சொல்லாதீங்க, ஃபார்ம நானே எழுதித் தரேன், கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க.