நிலாவை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கவிதை வந்து பதினோரு நாள் ஆகிறது. தினமும் ஒருமுறையாவது படித்திருப்பேன். இதைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்டதற்கு நீ சரி சொன்னாய், அதனால் கவிதையையும் முழுதாகவே இங்கே தருகிறேன். படிக்கிறவர்களும் நாம் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்கட்டும்.

கடை மூடிய மறுநாள்
அப்பா எடைக்கற்களைத் துடைத்தார்.
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து
அடியில் ஈயத்தில் முத்திரை பார்த்தார்.
கிலோ, அரைக் கிலோ, இருநூறு, நூறு.
ஐம்பதைக் காணவில்லை.
சாக்கை உதறினார். பலகைக்கு அடியில்
விளக்குமாற்றுக் குச்சியால் துழாவினார்.
இருட்டிவிட்டது. வாசலுக்கு வந்து பார்த்தேன்.
இரவின் தொண்டையில் சிக்கிய பால்பல், நிலா.
உள்ளே அப்பா
கற்களைப் பெரியதிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தார்,
நூறுக்குப் பக்கத்தில்
ஐம்பதுக்கு இடம் விட்டு.

பத்தாவது வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அது உனக்கு எவ்வளவு பிடித்த வரி என்று தெரியும். போனில் கவிதையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முதலில் அதைத்தான் சொன்னாய். எனக்கும் அது பிடித்திருக்கிறது. அன்று இரவு மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்தபோது பால்பல்தான் தெரிந்தது. ஒரு வரி அந்த வேலையைச் செய்துவிட்டால் அது நல்ல வரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கவிதைக்குள் அது விருந்தாளியாக வந்து, வீட்டுக்காரர்களை எழுந்து நிற்க வைத்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார். அப்பா கடைக்குள் தேடிக்கொண்டிருக்கிறார், மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிலா வேண்டும் என்றால் அவன் வெளியே போக வேண்டும். அதற்காக ‘வாசலுக்கு வந்து பார்த்தேன்’ வந்தது. வெளியே போனவன் திரும்ப வேண்டும், அதற்காக ‘உள்ளே அப்பா’ வந்தது. அவன் போயிருந்த நேரத்தில் அப்பாவின் வேலை நடந்திருக்க வேண்டும், அதனால் ‘அடுக்கினார்’ என்று இருக்க வேண்டியது ‘அடுக்கிக்கொண்டிருந்தார்’ என்று நீண்டது. துடைத்தார், பார்த்தார், உதறினார், துழாவினார் என்று ஒரே நடையில் வந்துகொண்டிருந்த வினைகள் அங்கே வந்து தடுக்குகின்றன. ஒரு நிலாவுக்காக மூன்று இடத்தில் கவிதை வளைந்து கொடுத்திருக்கிறது. ஒரு வரி கவிதைக்குச் சேர்ந்ததா இல்லையா என்று எனக்குக் குழப்பம் வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: அந்த வரி உட்கார இடம் செய்வதற்காக மட்டும் எழுதப்பட்ட வரிகள் சுற்றிலும் இருக்கின்றனவா?

அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அப்பா கல்லைத் தேடுகிற நேரத்தில் மகன் எழுந்து வெளியே போய் நிலாவுக்கு உவமை சொல்கிறான். நீ அப்படிப்பட்டவன் இல்லை. அந்த மகனும் அப்படிப்பட்டவன் இல்லை என்றுதான் மற்ற பதின்மூன்று வரிகளும் சொல்கின்றன. முத்திரை ஈயத்தில்தான் இருக்கும் என்று தெரிந்தவன் அவன். இரும்புக் கல்லின் அடியில் குழி விட்டு, ஈயம் நிரப்பி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடை சரிபார்த்து அந்த ஈயத்தில்தான் முத்திரை அடிப்பார்கள் என்பது கடையில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் தெரியும். மூடிவிட்ட கடையின் கல்லில் அப்பா முத்திரையைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கண் நிலாவுக்குப் போகாது. அது பலகைக்கு அடியிலேயே இருக்கும்.

நீ போனில் சொன்ன சமாதானத்தையும் யோசித்தேன். பால்பல் சின்னது, உருண்டை, தொலைந்துபோவது, ஐம்பது கிராம் கல்லும் அப்படித்தானே என்றாய். நான் ஒத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. கல் கறுப்பு இரும்பு, அதுவும் ஆறு முகம் கொண்டது. அதைக் காணவில்லை. நிலாவோ வெள்ளையாக, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறது. ஒரு வரிக்காக இத்தனை தூரம் வாதாட வேண்டியிருந்தால் அதுவே ஓர் அடையாளம். முத்திரை வரிக்கு நீ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்குத் தேவைப்படவில்லை.

நீ அந்த வரியை விடமாட்டேன் என்பதற்கு உண்மையான காரணம் ‘தொண்டையில் சிக்கிய’ என்ற இரண்டு சொற்கள் என்று எனக்குப் படுகிறது. அப்பாவைப் பார்த்துத் தொண்டை அடைத்தது உனக்கு. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, இரவின் தொண்டையில் கொண்டுபோய் வைத்தாய். ஆனால் அந்த அடைப்பை நீ ஏற்கெனவே வேறு இடத்தில் எழுதிவிட்டாய், தம்பி. ‘நூறுக்குப் பக்கத்தில் ஐம்பதுக்கு இடம் விட்டு.’ கிடைக்காத கல்லுக்கு, இனி எதையும் நிறுக்காத வரிசையில், இடம் விடுகிறார் மனிதர். இந்தக் கவிதை எழுதப்பட்டதே அந்தக் கையளவு வெற்றிடத்துக்காகத்தான். நான் முதல் தடவை படித்தபோது அதைத் தவறவிட்டேன் என்பதை உன்னிடம் மறைக்கக் கூடாது. நிலா இன்னும் கண்ணிலேயே இருந்தது. நான்கு வரி தள்ளி வந்த கடைசி வரியைச் சும்மா கடந்துவிட்டேன். மூன்றாம் நாள் படிக்கும்போதுதான் அது என்னைப் பிடித்தது.

இப்படி ஒன்று எனக்கும் நடந்திருக்கிறது. அத்தை இறந்தபோது பன்னிரண்டு வரியில் ஒரு கவிதை எழுதினேன், நடுவில் மழையைப் பற்றி ஒரு பளபளப்பான வரி. ஒரு கவியரங்கில் வாசித்தேன். அந்த வரி வந்ததும் கைதட்டல், ‘இன்னொரு தடவை’ என்று குரல். நானும் திருப்பி வாசித்தேன். கைதட்டல் அடங்கி மீதி ஆறு வரியை வாசிக்கும்போது யார் முகத்திலும் அத்தை இல்லை. எல்லோரும் மழையில் இருந்தார்கள். கவிதையை மேடையில் சொல்லிப் பழகிய நமக்கு இது பெரிய ஆபத்து. தனியாகக் கைதட்டல் வாங்குகிற வரியைத் தேடித்தேடி எழுத ஆரம்பித்துவிடுகிறோம்.

அப்படியானால் மின்னுகிற வரியே கூடாதா என்று கேட்பாய். குறுந்தொகையில் வரியாலேயே பெயர் பெற்ற புலவர்கள் இருக்கிறார்களே என்பாய். இருக்கிறார்கள், நீயே 41ஆம் பாட்டை எடுத்துப் பார். அணிலாடு முன்றிலார் பாடியது. ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில்’ என்ற அடியிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். ஆறே அடிப் பாட்டு. காதலர் பக்கத்தில் இருக்கும்போது விழா நடக்கும் ஊரைப் போல மகிழ்ந்திருப்பேன் என்கிறாள் தலைவி. அவர் பிரிந்த நாளில், பாலை வழியை ஒட்டிய சிற்றூரில், ஆட்கள் விட்டுப் போன வீட்டின் அணில் விளையாடும் முற்றம் போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள். அந்த அணில் யாரும் எதிர்பாராதது. இவ்வளவு நூற்றாண்டு கழித்தும் துள்ளுகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார். விழாக் கூட்டம் முன்னால் இருப்பதால்தான் முற்றத்தின் வெறுமை தெரிகிறது. ஆள் இல்லாததால்தான் அணில் முற்றத்துக்கு இறங்கி ஆடுகிறது. இது பிரிவின் பாட்டு என்பதால்தான் அந்த ஊரும் பாலை வழியின் ஓரத்தில் இருக்கிறது. அணிலை எடுத்தால் விழாவும் சரியும். உன் நிலாவை எடுத்தால் எந்தக் கல்லும் அசையவில்லை. நான் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

கேம்பிரிட்ஜில் ஆர்தர் குயில்லர் கூச் 1914இல் நடத்திய எழுத்துக்கலை வகுப்பில் சொன்ன ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: உன் செல்லங்களைக் கொன்றுவிடு என்று. அதற்கு முந்தின பாதியை விட்டுவிடுகிறார்கள். அசாதாரணமாக எதையாவது எழுதத் தோன்றினால் முழு மனதோடு எழுதிவிடு, அச்சுக்கு அனுப்பும் முன் நீக்கிவிடு என்றுதான் அவர் சொன்னார். முழு மனதோடு என்ற இடம் எனக்கு முக்கியம். நிலா வரியை எழுதியது பிழையில்லை. ஒருவேளை அதை எழுதி மனசு ஆறியதால்தான் கடைசி வரியை அவ்வளவு அமைதியாக எழுத முடிந்ததோ என்னவோ. ஆனால் அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு அழகான எல்லாவற்றையும் நீக்கவும் வேண்டாம். முத்திரை வரி உன் கவிதையிலேயே மிக அழகானது. அதைத் தொட்டால் நான் சண்டைக்கு வருவேன்.

சரி, எடுப்பது எப்படி? பத்தாம் வரியை மட்டும் அடித்தால் போதாது. மகன் வாசலுக்குப் போய் ஒன்றும் பார்க்காமல் திரும்புவான். அவன் போவதையும் ‘உள்ளே’வையும் சேர்த்து எடுக்க வேண்டும், ‘அடுக்கிக்கொண்டிருந்தார்’ பழையபடி ‘அடுக்கினார்’ ஆக வேண்டும். இங்கே ஒரு சிக்கலும் வரும். ‘இருட்டிவிட்டது’ போய்விட்டால் அப்பா எவ்வளவு நேரம் தேடினார் என்பது போய்விடும், இரண்டு நிமிடம் தேடிவிட்டு விட்ட மாதிரி ஆகிவிடும். நேரம் கடந்ததைக் கவிதை இழக்கக் கூடாது. அந்த இடத்தில் இன்னொரு உவமையை வைத்து அடைக்கவும் கூடாது, அதற்கு நிலாவே மேல். நான் இப்படி வைத்துப் பார்த்தேன்:

சாக்கை உதறினார். பலகைக்கு அடியில்
விளக்குமாற்றுக் குச்சியால் துழாவினார்.
விளக்கைப் போட்டேன்.
கற்களைப் பெரியதிலிருந்து அடுக்கினார்,
நூறுக்குப் பக்கத்தில்
ஐம்பதுக்கு இடம் விட்டு.

விளக்கைப் போடுவதில் இருட்டியதும் தெரிகிறது, மகன் அறையை விட்டு அகலாததும் தெரிகிறது. ஆனால் இது என் வரி, உன் கடையில் அந்தச் சுவிட்சு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. சிம்னி விளக்கா, குண்டு பல்பா, அப்பாவே எழுந்து போட்டாரா? உனக்குத்தான் தெரியும். உண்மையில் நடந்ததை எழுது. ‘விளக்குமாறு’, ‘விளக்கு’ இரண்டும் அடுத்தடுத்து வருவது என் காதில் இடிக்கிறது, அதையும் பார்த்துக்கொள். ‘ஈர்க்குச்சி’ என்று மாற்றினால் தீருமா?

நிலா வரியை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வை. அதை வைத்து உடனே ஒரு கவிதை கட்ட உட்காராதே. வரியில் ஆரம்பித்துக் கட்டினால் மறுபடியும் எல்லாமே அதற்கு வேலைக்காரர்களாக வந்து நிற்கும். பால்பல் ஒரு குழந்தையின் வாயிலிருந்து வந்த சொல். விழுந்த பல்லைக் கூரை மேல் எறிந்த வீடு உன்னுடையது என்றால், அந்த வீட்டிலிருந்து ஒரு நாள் தானாக ஒரு கவிதை வரலாம். என் மழை வரி ஒன்பது வருடமாக நோட்டில் இருக்கிறது. இடம் கிடைக்கவில்லை. அத்தை கவிதை அது இல்லாமல்தான் தொகுப்பில் வந்தது.

திருத்தியதை அனுப்பு. அப்பாவிடம் வாசித்துக் காட்டினாயா? அந்த ஐம்பது கிராம் கல் பிறகு எங்காவது கிடைத்ததா?

அன்புடன்,
அண்ணன்