வானப்பிரஸ்தத்துக்கு இன்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் இந்து நாகரிகம் படிக்கும் என் பேத்தியின் கொப்பியில் ஒரு விளக்கப்படம் கண்டேன். பிரமச்சரியத்துக்கு அறம், இல்லறத்துக்குப் பொருள், வானப்பிரஸ்தத்துக்கு இன்பம், சந்நியாசத்துக்கு வீடு என்று நேருக்கு நேர் கோடு இழுத்திருந்தது. பார்க்க அழகு, ஆனால் பிழை. காடேகும் பருவத்துக்கு இன்பம் எப்படி உரியதாகும்?

16 கட்டங்கள் கொண்ட அட்டவணையே பொருந்தும். நிலைகள் நான்கையும் மேலே எழுதி, உறுதிப்பொருள்கள் நான்கையும் பக்கத்தில் கீழ்நோக்கி எழுத வேண்டும். அறத்தின் நிரையில் எல்லாக் கட்டங்களும் நிறம் பெறும், உள்ளடக்கம்தான் மாறும். மாணவனுக்குக் கல்வியும் குருசேவையும், இல்லறத்தானுக்கு விருந்தோம்பலும் ஐவகை வேள்வியும், பின்னிருவருக்குத் தவமும் கொல்லாமையும். பொருளுக்கும் இன்பத்துக்கும் இல்லறக் கட்டம் மட்டுமே, அதுவும் அறத்தின் வரம்புக்குள். வீட்டின் நிரை மெல்லிய நிறத்தில் தொடங்கிச் சந்நியாசத்தில் அடர்த்தியாகட்டும்.

இப்படி வரைந்ததும், இல்லற நிரலில் மட்டும் நான்கு கட்டங்களும் நிறைவதைப் பேத்தியே கண்டுபிடித்தாள். இல்வாழ்வானை மற்ற மூவருக்கும் துணை என்று வள்ளுவர் சொன்னது ஏன் என்பது அவளுக்கு அந்த நிரலிலேயே விளங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.