செட்டில்மென்ட் ரேஷியோவுல தொகையும் வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு, ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கறவங்க கிளைம் செட்டில்மென்ட் ரேஷியோ பாத்து கம்பெனிய தேர்ந்தெடுங்கன்னு உங்க பேப்பர்ல கட்டுரை வந்துச்சு, ஆனா அந்த ரேஷியோ எத்தனை கிளைம் செட்டில் ஆச்சுன்னு எண்ணிக்கைய மட்டும்தான் சொல்லும், கேட்டதுல எவ்வளவு குடுத்தாங்கன்னு சொல்லாது. எங்கப்பா பாலிசில சம் இன்ஷ்யூர்டு, அதாவது கம்பெனி அதிகபட்சமா குடுக்கற தொகை, 5 லட்சம்; கோ-பேமென்ட், அதாவது கிளைம்ல நாங்களே கட்ட வேண்டிய பங்கு, 20 சதவீதம். ஆஸ்பத்திரி பில் 2 லட்சம் வந்தப்ப கையுறை, சிரிஞ்சு மாதிரி ஐட்டத்துக்கெல்லாம் கவர் இல்லன்னு 30,000 கழிச்சாங்க, மீதி 1,70,000-ல 20 சதவீதம் 34,000 எங்க பங்கு, ஆக கையிலருந்து போனது 64,000. இதுவும் அவங்க கணக்குல செட்டில் ஆன ஒரு கிளைம்தான்! வயசானவங்க பாலிசில இந்த கோ-பே நிறையவே இருக்கு. அதனால ரேஷியோ பக்கத்துலயே, கேட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் எவ்வளவு குடுத்தாங்கன்னு கம்பெனிங்க போடணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவு போடட்டும்.