முழத்தையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

எடையளவு ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். தை முகூர்த்தம் வந்தால் மல்லிகை என்ன விலை போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனியில் செடி மொட்டு வைப்பது குறைகிறது, மார்கழியில் தள்ளிப்போன கல்யாணமெல்லாம் ஒன்றாகக் கூடுகிறது, விலை ஏறுகிறது. அதில் எனக்கு வழக்கு இல்லை. விலை ஏற ஏற முழமும் சேர்ந்து சுருங்குகிறதே, அதுதான் கேள்வி.

போன முகூர்த்தத்தன்று சந்தையில் உதிரிப் பூ கிலோ 2,400 ரூபாய். வாசலில் கட்டிய பூ முழம் 120. வாங்கி வந்து டேப் வைத்தேன், 36 சென்டிமீட்டர். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை 45 வர வேண்டும். கட்டும் நெருக்கம் இல்லை. ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல் பல்லிளித்தது. நூலை உருவிவிட்டு நிறுத்தால் பூ 20 கிராம். பூவின் விலை 48 ரூபாய். கட்டுக்கூலி, வாடல் கழிவு, விற்பவர் லாபம் எல்லாம் தாராளமாகப் போட்டாலும் 75-ஐத் தாண்டாது.

கோடையில் கிலோ 300-க்கு வரும்போது அதே 20 கிராம் பூ 6 ரூபாய்தான். அப்போது முழம் 20 என்றாலும் பேசாமல் கொடுக்கிறேன். அது கட்டும் கைக்கான கூலி. பூ மலிந்தால் கூலி மலியாது. ஆனால் தை மாதத்தில் கூடுவது பூவின் விலை மட்டும்தானே? 2,400-க்கு வாங்கிய பூவில் கட்டுக்கூலியும் ஏன் ஐந்து மடங்காகிறது?

நடைபாதையில் கூடை வைத்திருக்கும் அம்மாவைப் பிடித்து அபராதம் போடச் சொல்லவில்லை. அவர் வாங்கும் விலை என்னவென்று வாங்குபவருக்குத் தெரிந்தால் பேரமே பாதி குறையும். ஆகவே சந்தை வாசலில் அன்றன்றைய உதிரி விலையை எழுதிப்போட வையுங்கள். கட்டிய பூ விற்கும் கடைகளில் மீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி முழம் ஒரு அளவே இல்லையே, ஐயா. பெட்ரோல் பங்கில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் குடுவையில் அளந்து காட்டுகிறார்கள். பூக்கடையில் அளவுகோலே கடைக்காரரின் கைதான். அதற்கு முத்திரை குத்த முடியாது என்பதால் விட்டுவிட்டீர்களோ என்னவோ.

இதில் ஐஸ் பெட்டிப் பூ வேறு. நேற்றைய மொட்டு ஓரம் பழுத்து, கண்ணாடி போலத் தெரியும். தண்ணீர் தெளித்து இன்றைய பூ என்று நிறுத்துத் தருகிறார்கள். சரி, அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு விலைப்பலகை, அளவுகோல், இரண்டே. அடுத்த முகூர்த்தத்துக்கு முன் ஒரு காலை சந்தைப் பக்கம் வந்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டேப் இல்லாவிட்டால் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பூ வாங்கும் ஒருவன்