சிறுநீர்க் கோப்பைக்குப் பின்னால் மறையும் இணைப்பைப் பற்றி ஒரு திறந்த மடல்

வடசென்னையில் பொதுக் கழிப்பறைகளுக்கு வரைபடம் வரையும் பொறியாளர்களுக்கும், அப்பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர்களுக்கும், வேலை முடிந்ததென்று கையெழுத்திடும் மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் இருபத்தாறு ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்து வருகிறேன். புதிய கழிப்பறைகளில் கோப்பை மட்டும் வெளியே தெரியும்படி சுவரில் தொங்கவிட்டு, தண்ணீர் வரும் பைப்பையும் கழிவு போகும் ட்ராப்பையும் கோப்பைக்குப் பின்னாலும் சுவருக்குள்ளுமாக மறைத்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த முறையில் எனக்கு மறுப்பில்லை. பைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காததால் யாரும் அதை மிதித்து உடைப்பதில்லை, கழற்றி எடுத்துப்போவதும் இல்லை, தரையைக் கழுவுவதும் எளிது. என் மனக்குறையெல்லாம் கோப்பைக்கும் சுவருக்கும் நடுவே கைக்கு எட்டாமல் போகும் ஒரே ஓர் இணைப்பைப் பற்றியது.

வண்ணாரப்பேட்டையில் சந்தையை ஒட்டியிருக்கும் ஒரு கழிப்பறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். நான்கு கோப்பைகள், திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பின்சுவருக்கு மறுபுறம் பூ விற்கும் பெண்மணி ஒருவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "அண்ணே, இந்தச் சுவரு காலைல மட்டும் ஈரமாவுது, சாயந்தரம் காஞ்சி உப்பு பூத்துடுது, நாத்தம் வேற தாங்கல" என்றார். காலையில் மட்டும் என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. காலையில்தான் அந்தக் கழிப்பறையில் கூட்டம் அதிகம். ஆள் வந்து போகும்போது மட்டும் கசிகிறதென்றால், எப்போதும் தண்ணீர் அழுத்தத்துடன் நிற்கும் பைப்பில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு.

இருந்தாலும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரவு கழிப்பறையைப் பூட்டும்போது தண்ணீர் வால்வைத் திறந்தபடியே விட்டு, பின்சுவரில் ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து வைத்தேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. ஓரங்கள் கொஞ்சம் காய்ந்தும் இருந்தன. கோட்டைத் தாண்டியிருந்தால் ஃப்ளஷ் வால்வு வரை வரும் பைப்பில்தான் ஓட்டை. அடுத்து, ஃப்ளஷை அழுத்தாமல், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்த தண்ணீரை ஒவ்வொரு கோப்பையிலும் நேராக ஊற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவது கோப்பைக்குப் பின்னால், கழிவுப் பைப்பின் வாயைச் சுற்றியிருந்த சிமெண்டுப் பூச்சு நீலமாகியிருந்தது. மேலே தண்ணீர் வரும் வாயைச் சுற்றி ஒரு பொட்டு நீலமும் இல்லை, ஈரமும் இல்லை. ஃப்ளஷ் பைப்பு கசிந்தால் ஈரம் மேலிருந்து கீழே இறங்கும், வாடை அடிக்காது; ட்ராப்பு கசிந்தால் கோப்பையின் அடிமட்டத்தில் தொடங்கி மஞ்சளும் வெள்ளையுமாகப் பொரியும்.

கோப்பையைக் கழற்றினேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன், அது ஒரு நாள் வேலை. டைல்ஸ் ஒட்டியவர் கோப்பையின் ஓரம் முழுவதும் வெள்ளைச் சிமெண்டை அடைத்துச் சுவரோடு ஒன்றாக்கி வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரவேண்டிய பீங்கானை, உளியை வைத்து நூல் நூலாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒன்று விளிம்பில் கீறல் விட்டது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். ட்ராப்பின் வால் குழாய் சுவருக்குள் இருக்கும் கழிவுப் பைப்பின் வாயில் நுழைந்து, அங்கே ஒரு ரப்பர் வளையத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். அங்கே வேலை செய்த பிளம்பர் பூச்சு முடிந்ததும் அளவெடுத்து, கழிவுப் பைப்பின் வாயைப் பூச்சின் மட்டத்திலேயே வெட்டிவிட்டு, வால் 37 மி.மீ. உள்ளே போகும்படி நான்கையும் ஒரே நீளத்தில் நறுக்கி வைத்திருந்திருக்கிறார். அன்றைய சுவருக்கு அது சரியான அளவுதான். அதன்பின் 15 மி.மீ. கலவையும் 10 மி.மீ. டைல்ஸும் ஏறின. சுவர் 25 மி.மீ. முன்னே வந்தது, கோப்பையும் அதோடு முன்னே வந்தது, பைப்பின் வாய் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆக, உள்ளே போனது 12 மி.மீ. ரப்பர் வளையமோ வாயிலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. ஆழத்தில் இருந்தது. வால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது, பிடித்துக்கொள்ளவில்லை. நான்கில் மூன்று எப்படியோ தாங்கின. யாரோ அடிக்கடி சாய்ந்து நின்ற மூன்றாவது கோப்பை தாங்கவில்லை.

வேலை ஒப்படைக்கும் நாளில் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நன்றாகவே போகும்.

இதைத் தவிர்க்கத் தனித் திறமை எதுவும் தேவையில்லை, வேலையின் வரிசையை மாற்றினால் போதும். கழிவுப் பைப்பின் வாயைப் பூச்சு மட்டத்தில் வெட்டாமல் இரண்டு இஞ்ச் வெளியே நீட்டி, மூடி போட்டு விட வேண்டும். டைல்ஸ்காரர் அதைச் சுற்றி ஒட்டிக் காய்ந்த பிறகு, டைல்ஸின் முகத்தோடு மட்டமாக அறுக்க வேண்டும். கோப்பையை அதன் போல்ட்டில் ஒருமுறை மாட்டிப் பார்த்து, அந்த இடத்தில் அளந்து, ட்ராப்பின் வாலைக் கடைசியாக வெட்ட வேண்டும். என் கணக்கில் குறைந்தது ஒன்றரை இஞ்ச் உள்ளே போக வேண்டும். வெட்டிய முனையைப் பிசிறில்லாமல் தேய்க்காவிட்டால் ரப்பர் வளையம் கிழியும் அல்லது மடங்கும், மடங்கியதும் வெளியே தெரியாது. மேலே தண்ணீர் வரும் அரை இஞ்ச் வாய்க்கும் இதே கதைதான். டைல்ஸுக்குள் புதைந்துபோன எல்போவில் எக்ஸ்டென்ஷன் நிப்பிளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நீட்டினால் அது கோணலாக நிற்கும், தண்ணீர் கோப்பைக்குள் பரவாமல் பின்னால் வழியும். உயரத்தையும் முடிந்த தரையிலிருந்தே கணக்கிட வேண்டும். பெரியவர்களுக்கான கோப்பையின் முன்விளிம்பு சுமார் 60 செ.மீ. உயரத்தில் இருக்கலாம் என்று வரைபடத்தில் எழுதுகிறீர்கள், ஆனால் எந்தத் தரையிலிருந்து என்று எழுதுவதில்லை. தரை டைல்ஸ் ஒட்டிய பிறகு அந்த 60 வேறொன்றாகிவிடுகிறது.

சுவரைப் பற்றியும் வரைபடம் வரைபவர்களிடம் ஒரு சொல். இங்கே இடம் குறைவு என்பதால் பின்சுவரை நாலரை இஞ்ச் செங்கல்லில் எழுப்பிவிடுகிறீர்கள். செங்குத்தாகக் காடி வெட்டும்போது சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், படுக்கையாக வெட்டும்போது ஆறில் ஒரு பங்குக்கு மேலும் போகக் கூடாது என்பது கட்டட வேலையில் பொதுவான விதி. நாலரை இஞ்ச் என்பது ஏறக்குறைய 115 மி.மீ.; அதில் படுக்கையாக 19 மி.மீ.தான் வெட்டலாம். இரண்டு இஞ்ச் பைப்பை அதற்குள் எப்படி மறைப்பது? நான்கு கோப்பைகளை 75 செ.மீ. இடைவெளியில் வைத்தால் முதல் கோப்பைக்கும் கடைசிக் கோப்பைக்கும் நடுவே 225 செ.மீ. ஆகிறது. நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டம் கொடுத்தால் பைப்பு இந்தத் தூரத்தில் ஐந்தரை செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக இறங்க வேண்டும். வண்ணாரப்பேட்டையில் கொத்தனார் இவ்வளவு நீளத்துக்கும் சுவரைப் பாதிக்கு வெட்டி, வாட்டமும் இல்லாமல் ரசமட்டம் வைத்து நேராகப் பதித்திருந்தார். பின்பக்கம் மிஞ்சியது ஒரு செங்கல் ஓடு. ஈரம் பூக்காரரின் முதுகுக்கு அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் காரணம்.

அந்த வகைச் சுவருக்கு முன்னால், ஆறு இஞ்ச் இடைவெளி விட்டுத் தோளுயரத்துக்கு இன்னொரு சிறிய சுவர் எழுப்பி அதில் கோப்பையை மாட்டுவதுதான் வழி. பைப்புகள் எந்தச் செங்கல்லையும் வெட்டாமல் இடைவெளியில் போகும். மேலே கடப்பாக் கல்லைச் சிமெண்டு வைக்காமல் மூடியாகப் போட்டால், தூக்கிப் பார்க்கவும் முடியும். கழிவுப் பைப்பின் உயர்ந்த முனையில் திறந்து மூடும் ஒரு மூடியும் வேண்டும்.

அது ஏன் வேண்டும் என்பதற்கு நம் பகுதித் தண்ணீரைப் பார்த்தாலே போதும். சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும்போது அதன் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கல்லாகப் படிகின்றன. போர் தண்ணீர் கடினமாக இருந்தால் அந்தக் கால்சியத்தை நாமே ஊற்றிக் கொடுக்கிறோம். நான் கழற்றிய நான்கு ட்ராப்புகளிலும் இந்தக் கல் படிந்திருந்தது. ட்ராப்பைக் கழற்றிச் சுரண்டிவிட்டால் கால் மணி நேர வேலை. கழற்ற வழியில்லாதபோது துப்புரவுப் பணியாளர் ஆசிட்டை ஊற்றுகிறார், அவர்மேல் குற்றமில்லை. அது கல்லோடு சேர்த்துச் சிமெண்டுப் பூச்சையும் அரிக்கிறது. முன்னரே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சிறிய அறையில் அது அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே கோப்பையின் ஓரத்தில் வெள்ளைச் சிமெண்டு வேண்டாம், கத்தியால் அறுத்து எடுக்கக்கூடிய சிலிக்கானே போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வண்ணாரப்பேட்டையில் டைல்ஸை உடைக்காமல், நான்கு ட்ராப்புக்கும் நீளமான வால் வாங்கி இடத்தில் அளந்து வெட்டிப் போட்டேன். ரப்பர் வளையங்களையும் மாற்றினேன். பின்சுவர் காய்ந்துவிட்டது. சுவருக்குள் வாட்டமில்லாமல் கிடக்கும் பைப்பை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை; அது அடைத்துக்கொள்ளும் நாளில் சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

மேற்பார்வையாளர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. டைல்ஸ்காரர் வருவதற்கு முதல்நாள், கழிவுப் பைப்பின் கீழ்முனையை அடைத்து, கோப்பை வாய்கள் வரை தண்ணீர் நிரப்பி, ஒரு மணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று நின்று பாருங்கள். வாயருகே அளவு டேப்பைப் பிடித்து ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். பிறகு, ஒப்படைக்கும் நாளில் ஏதாவது ஒரு கோப்பையைக் காட்டி, அதைக் கழற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் கழற்ற முடியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பிளம்பர்